ஓர் அறைக்கு எத்தனை தொட்டி? கொசுவிரட்டிச் செடிகளை எண்ணிப் பார்த்த இரண்டு மாதங்கள்

போன கார்த்திகையில் என் மகளுக்கு டெங்கு வந்து போனது. காய்ச்சல் விட்ட பிறகும் மூன்று வாரம் அவள் சோர்ந்தே கிடந்தாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்ததுபோல ஒரே யோசனையைச் சொன்னார்கள்: அறைக்குள் எலுமிச்சைப்புல் வை, துளசி வை, நொச்சி வை. அண்ணி ஒரு துளசித் தொட்டியைக் கையோடு கொண்டுவந்தே கொடுத்தார். சாலையோர நர்சரிக்காரர், "இந்த ஒரு தொட்டியைச் சன்னலில் வைத்துவிடுங்கள் அம்மா, கொசு எட்டிப் பார்க்காது" என்று உறுதியாகச் சொன்னார்.

எங்கள் வீடு திருவான்மியூர்ப் பக்கம், பக்கிங்காம் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தரைத்தளம். மழை ஓய்ந்து கால்வாய்த் தண்ணீர் ஓட்டமில்லாமல் நின்றுவிடும் தை, மாசி மாதங்களில் மாலை ஆறரைக்கு மேல் சன்னலைத் திறக்க முடியாது. செடி உண்மையில் காக்கிறதா என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடமும் காலமும் கிடைக்காது. ஒரு நோட்டும் நகை எடை போடும் சிறிய தராசும் வாங்கி வைத்துக்கொண்டு தை மாதத் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் செடிகள். எலுமிச்சைப்புல் நான்கு தொட்டி, துளசி மூன்று, திருநீற்றுப் பச்சிலை இரண்டு, துலுக்கச் சாமந்தி இரண்டு, நொச்சிக் கன்று ஒன்று என்று மொத்தம் பன்னிரண்டு. புல் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். எலுமிச்சைப்புல்லும் சிட்ரோனெல்லா புல்லும் அக்கா தங்கைபோல ஒரே சாயலில் இருக்கும். கடைக்காரர்களும் ஒன்றின் பெயரில் மற்றதைக் கொடுத்துவிடுகிறார்கள். தேநீருக்குப் போடும் எலுமிச்சைப்புல்லின் எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரால். கசக்கினால் எலுமிச்சைத் தோல் வாசனை தெளிவாக வரும். சிட்ரோனெல்லாவில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் முதலியவை அதிகம். வாசனையில் சோப்பின் நெடி கலந்திருக்கும், அடித்தண்டு செம்மை படர்ந்திருக்கும். கொசுவர்த்தி, மெழுகுவர்த்திப் பெட்டிகளில் பெயர் போட்டிருப்பது இரண்டாவது புல்லின் எண்ணெய். எனக்குக் கிடைத்தது முதல் வகை. துளசியில் கிராம்பு வாசனை தரும் யூஜினாலும், திருநீற்றுப் பச்சிலையில் லினலூலும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்குமே கொசுவை விரட்டும் தன்மை உண்டு. கேள்வி அதுவல்ல. அந்த எண்ணெய் இலையைவிட்டு அறையின் காற்றுக்கு வருகிறதா, எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி.

எப்படி எண்ணுவது என்பதில் இரண்டு நாள் யோசித்தேன். கொசுவுக்குக் கையை நீட்டிக் கடிக்கவிட்டு எண்ணுவது ஆராய்ச்சிக்கூடங்களில் பயிற்சி பெற்றவர்கள் செய்வது. டெங்கு வந்துபோன வீட்டில் அதைச் செய்யக்கூடாது. நான் தடித்த பருத்திக் கால்சட்டையும், முழங்கால் வரை இரண்டு அடுக்கு வெள்ளைக் காலுறையும், முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, பதினைந்து நிமிடத்தில் காலுறைமேல் வந்து உட்காரும் கொசுக்களை எண்ணுவேன். உட்கார்ந்ததைக் கண்ணாடிக் குவளையால் மூடி, அடியில் அட்டையைச் செருகிப் பிடித்துவிடுவேன். அப்போதுதான் ஒன்றையே இரண்டு முறை எண்ண மாட்டோம். நேரம் இரவு ஏழரை. அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் கியூலெக்ஸ், பழுப்பு நிறத்தில் இருக்கும் சாக்கடைக் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. கருப்பு உடம்பில் வெள்ளை வரிகள் இருக்கும். அது இந்தக் கதைக்குள் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

வீட்டில் இரண்டு அறைகள், இரண்டும் ஏறக்குறையப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன் அறை கால்வாய்ப் பக்கம், பின் அறை சமையலறைப் பக்கம். பின் அறைதான் மகளுடையது. பன்னிரண்டு தொட்டிகளையும் அங்கே சன்னலோரத்திலும் கட்டிலைச் சுற்றியும் வைத்தேன். சன்னல்கள் திறந்தே இருந்தன. இரண்டு அறைகளிலும் நானே பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினேன். ஒருநாள் முன் அறையில் தொடங்கினால் மறுநாள் பின் அறையில். ஆளை மாற்றினால் கணக்குக் கெட்டுப்போகும், ஏனென்றால் கொசு எல்லாரையும் ஒரேபோல நாடுவதில்லை.

முதல் நாள் செடி இருந்த அறையில் நான்கு கொசு, செடி இல்லாத அறையில் ஒன்பது. மகள் கை தட்டினாள். இரண்டாம் நாள் ஐந்தும் பதினொன்றும், மூன்றாம் நாள் நான்கும் எட்டும். மூன்று நாளின் கூட்டு பதின்மூன்றும் இருபத்தெட்டும். அங்கேயே நிறுத்தியிருந்தால், செடி பாதிக்குமேல் கொசுவை விரட்டிவிட்டது என்று இன்று நானும் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

நான்காம் நாள் மதியம் பன்னிரண்டு தொட்டிகளையும் முன் அறைக்கு மாற்றினேன். அன்று மாலை செடிகளுக்கு நடுவே உட்கார்ந்த என் காலில் பத்துக் கொசு வந்தது. செடியில்லாமல் வெறிச்சென்றிருந்த பின் அறையில் ஐந்து. அடுத்த நாள் ஏழும் மூன்றும், அதற்கடுத்த நாள் ஒன்பதும் ஆறும். ஆறு நாளையும் சேர்த்தால் செடிகளோடு முப்பத்தொன்பது, செடிகள் இல்லாமல் நாற்பத்திரண்டு. அந்த மூன்று கொசு வித்தியாசம் ஒரே இரவின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். முதல் மூன்று நாள் நான் பார்த்தது செடியின் வேலை அல்ல. கால்வாயைப் பார்க்காத அறையில் இயல்பாகவே கொசு குறைவு. தொட்டி வைத்துப் பார்த்துப் பலன் தெரிந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அறையை மாற்றிப் பார்த்தார்களா என்று இப்போது நான் முதலில் கேட்கிறேன்.

ஆறாம் நாள் இரவு எண்ணி முடித்த பிறகு டார்ச்சை எடுத்துச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துளசியின் கீழ் அடுக்கில், ஓர் இலையின் அடிப்பக்கத்தில், ஒரு கியூலெக்ஸ் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. வயிறு ரத்தத்தால் புடைத்துச் செம்புள்ளியாகத் தெரிந்தது. இலையை என் விரலால் மெல்லத் தொட்டேன். கிராம்பு வாசனை எனக்கு வந்தது, கொசு அசையவில்லை. பக்கத்தில் துளசிக் கதிரின் பூவில் மெலிந்த ஆண் கொசு ஒன்று தேன் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆண், பெண் இரண்டுமே உயிர் வாழச் செடியின் இனிப்பைக் குடிப்பவை. ரத்தம் பெண்ணுக்கு முட்டை வைக்க மட்டும் வேண்டும். நிழலும் ஈரமும் தேனும் உள்ள இடத்தை விட்டு அது ஏன் போக வேண்டும்?

கனடாவில் இதையே முறையாகப் பார்த்திருக்கிறார்கள். கொசுச்செடி என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்பட்ட ஒரு வாசனை ஜெரானியம் உண்டு. 1996இல் வெளியான ஆய்வு, அந்தச் செடி பக்கத்தில் இருந்தும் கடி குறையவில்லை என்றும், கொசுக்கள் அந்தச் செடியின்மேலேயே வந்து உட்கார்ந்து இளைப்பாறின என்றும் பதிவு செய்தது. அதைப் படித்தபோது என் துளசி இலைக் கொசு நினைவுக்கு வந்தது.

செடியில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் வெளியே வருவதில்லை. எலுமிச்சைப்புல்லில் எண்ணெய், இலையின் சதைக்குள் தனி உயிரணுக்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. புல்லின் தாளை மடித்தாலோ நசுக்கினாலோதான் அந்த உயிரணுக்கள் உடையும். அதனால்தான் கசக்காத புல்லின் பக்கத்தில் மூக்கை வைத்தாலும் வாசனை லேசாகத்தான் வருகிறது. துளசியில் எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. ஆடை உரசினாலே மணக்கும், உரசாதபோது அதுவும் மூடிய புட்டிதான். செடி அந்த எண்ணெயைச் செய்வது தன்னைத் தின்ன வரும் பூச்சிக்காக. தின்னும்போதுதான் இலை உடைகிறது.

அப்படியானால் உடைத்துப் பார்ப்போம் என்று, கொசு அதிகமான முன் அறையில் அடுத்த சோதனை. கால் கிலோ எலுமிச்சைப்புல்லை விரற்கடை நீளத்துக்கு அரிந்து, உரலில் போட்டு நார் நாராகும்வரை இடித்தேன். அகலமான தாம்பாளத்தில் பரப்பி நாற்காலிக்கு அருகில் வைத்தேன். இடிப்பதற்கு முன் பதினைந்து நிமிடத்தில் ஒன்பது கொசு. இடித்துப் பரப்பியதும் மூன்று. கண்கூடான வித்தியாசம். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து எண்ணியபோது ஆறு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ஒன்பது. அதற்குள் தாம்பாளத்துப் புல்லின் மேல்பகுதி காய்ந்து வைக்கோல்போல ஆகிவிட்டது. மூக்கை வைத்தால்தான் மணந்தது. மறுநாள் செய்ததும் இதே வரிசையில் போனது: பத்து, நான்கு, ஏழு, ஒன்பது. கசக்கிய இலை விரட்டுகிறது. ஆனால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. எண்ணெயைத் தோலில் தடவினாலும் இதே குறைதான்: அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் சிட்ரோனெல்லா எண்ணெய்ப் பூச்சுகள் இருபது நிமிடம்கூட முழுதாகக் காக்கவில்லை. ஆவியாவதால்தான் அது வேலை செய்கிறது, ஆவியாவதால்தான் தீர்ந்தும் போகிறது.

எத்தனை தொட்டி என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் முதலில் எத்தனை கிராம் எண்ணெய் என்று தெரிய வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சைப்புல் எண்ணெய் ஒரு சிறு புட்டி வாங்கினேன். பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு பருத்தித் துணியை வெட்டி, ஒன்றரை கிராம் எண்ணெயை அதில் ஊறவிட்டு, நூலில் கட்டி அறையின் நடுவே தொங்கவிட்டேன். தொங்கவிடும் முன்னும் ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் நகைத் தராசில் எடை. முதல் நாள் 0.24 கிராம் குறைந்திருந்தது, மறுநாள் 0.26. மணிக்குக் கால் கிராம் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றிரண்டு துணியில் பார்த்தபோது, சதுரத்தைப் பெரிதாக்கினால் இழப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடியது. எனவே துணியின் அளவை மாற்றினால் எண்ணெயின் அளவையும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையைச் சன்னல்களை மூடிச் செய்தேன். மாலை ஆறரை வரை திறந்து வைத்து, கொசு உள்ளே வந்த பிறகு ஏழு மணிக்கு மூடி, ஏழரைக்கு எண்ணினேன். துணி இல்லாத மூன்று நாள் எட்டு, ஒன்பது, ஏழு. துணி தொங்கிய மூன்று நாள் நான்கு, மூன்று, நான்கு. இருபத்து நான்கு பதினொன்றாகக் குறைந்தது. பாதிக்குச் சற்றுக் கூடுதலான காப்பு. கூடவே ஒரு கசப்பான பலனும் இருந்தது: அரை மணி நேரத்தில் கண்கள் லேசாக எரிந்தன, வாசலில் எட்டிப் பார்த்த மகளுக்கு இருமல் வந்தது. சிட்ரால் சிலருக்குத் தோலிலும் ஒவ்வாமை தரக்கூடியது. இதற்கு மேல் துணியைப் பெரிதாக்க எனக்கு மனம் வரவில்லை. அதே துணியைச் சன்னலைத் திறந்து வைத்துத் தொங்கவிட்ட இரண்டு நாளில் எட்டும் ஏழும். துணியே இல்லாத நாளுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. கடற்காற்று வீசும் ஊரில் திறந்த சன்னல் அறையின் காற்றை மணிக்குப் பலமுறை மாற்றிவிடுகிறது. வாசனையும் அதோடு போய்விடுகிறது.

ஆக, எங்கள் அறையில், சன்னலை மூடி, கடியைப் பாதியாக்க மணிக்குக் கால் கிராம் எண்ணெய் காற்றில் கலக்க வேண்டும். தூங்கும் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு கிராம்.

இப்போது தொட்டிக்கு வருவோம். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் நன்றாகத் தழைத்த ஒரு புதரை மண்ணுக்கு நான்கு விரல் மேலே அறுத்து எடை போட்டேன்: 420 கிராம். மண்ணும் வெயிலும் நன்றாக இருந்தால் அரைக் கிலோ கிடைக்கும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். பச்சைப் புல்லில் எண்ணெய் ஏறக்குறைய நூற்றுக்கு 0.4 பங்கு. அப்படியானால் ஒரு தொட்டி முழுவதையும் அறுத்தால் அதற்குள் இருப்பது இரண்டு கிராம் எண்ணெய். ஓர் இரவுக்கு வேண்டியதும் அதே இரண்டு கிராம்.

அதாவது ஒவ்வொரு நாளும் ஒரு தொட்டியை ஒட்ட அறுத்து, ஒரு துளியும் வீணாகாமல் இடித்து, எட்டு மணி நேரத்துக்குச் சீராக ஆவியாகவிட வேண்டும். அறுத்த புல் மறுபடி அந்த உயரத்துக்கு வர இரண்டரை மாதம் ஆகும். அதுவரை அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி என்று போனால் முதல் தொட்டிக்குத் திரும்பி வர எழுபத்தைந்து நாள். எழுபத்தைந்து தொட்டி. ஓர் அறைக்கு, பாதிக் காப்புக்கு, தினமும் அரைக் கிலோ புல் இடிக்கும் வேலையோடு.

இடிக்காமல் சும்மா வைத்தால்? இங்கே செடியின் வரவு செலவைப் பார்த்தாலே போதும். ஒரு தொட்டி இரண்டரை மாதத்தில் சேர்ப்பது இரண்டு கிராம். நாளொன்றுக்கு 27 மில்லிகிராம், மணிக்கு ஒரு மில்லிகிராம் அளவு. செடி தான் செய்யும் எண்ணெயில் ஒரு சொட்டையும் சேமிக்காமல் முழுவதையும் அறைக்குள் விட்டுவிடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், மணிக்கு 250 மில்லிகிராமை எட்ட ஏறக்குறைய 225 தொட்டிகள் வேண்டும். உண்மையில் அது சேமிக்கிறது. அறுத்த புல் மணப்பதே அதற்குச் சாட்சி. எனவே உண்மையான எண்ணிக்கை 225ஐவிடப் பல மடங்கு கூடும். சன்னலையும் திறந்தால் இன்னும் பல மடங்கு. எங்கள் அறையின் தரை 120 சதுர அடி. தொட்டிக்கு ஒரு சதுர அடி என்று அடுக்கினால் கட்டிலை வெளியே தூக்கிப் போட்ட பிறகும் 120 தொட்டிதான் கொள்ளும்.

துளசிக்கும் திருநீற்றுப் பச்சிலைக்கும் இந்தக் கணக்கைத் தனியாகப் போடவில்லை. பச்சை இலையில் அவற்றின் எண்ணெய் அளவும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு துளசித் தொட்டியில் கிடைக்கும் இலை எலுமிச்சைப்புல்லில் பாதிகூட வராது. எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் செடி வெறும் சுழியம் அல்ல. கென்யாவின் மேற்குப் பகுதியில் சோதனைக் குடிசைகளில் தொட்டிச் செடிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாம் நாய்த்துளசி என்று சொல்லும் செடியும், உண்ணிச்செடியும் அதில் இருந்தன. அங்கே மலேரியா கொசுவின் தொல்லை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேறு சில வாசனைச் செடிகளை அனலில் வாட்டியபோது பலன் கூடியது. கொசு வேறு, குடிசை வேறு, காற்றோட்டம் வேறு. அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்றால் பத்துக் கடி ஏழாகிறது. வலையோ வேறெதுவுமோ இல்லாத குடிசைக்கு அது ஒரு பிடிமானம். டெங்கு வந்துபோன குழந்தையின் அறைக்கு ஏழு கடியை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

சென்னையில் நொச்சிக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2012 வாக்கில் மாநகராட்சி, கொசுவுக்கு எதிராக நொச்சிக் கன்றுகளை நீர்நிலைக் கரைகளில் நடவும் வீடுகளுக்கு வழங்கவும் முனைந்தது. என் அம்மாவுக்கு நொச்சி என்றால் புகை. மாலையில் காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார். கொசு குறையும், அதில் ஐயமில்லை. சூடு இலையின் எண்ணெயை ஒரே மூச்சில் வெளியேற்றுகிறது, புகை வேறு சேர்கிறது. திறந்த முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டில் அது சரி. மூடிய பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அந்தப் புகையைக் குழந்தை இரவு முழுவதும் சுவாசிக்க வேண்டும். நான் ஒரே ஒரு முறை செய்து பார்த்துவிட்டுச் சன்னலைத் திறந்துவிட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, மின்செருகியில் மாட்டும் கொசுவிரட்டித் திரவத்தின் புட்டியை எடுத்து எழுத்தைப் படித்தேன். 45 மில்லி, டிரான்ஸ்ஃப்ளூத்ரின் 1.6 விழுக்காடு. புட்டி எங்களுக்கு எட்டு மணி நேர இரவுகளாக அறுபது நாள் வந்தது. கணக்குப் போட்டால் அது காற்றில் விடுவது மணிக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு எலுமிச்சைப்புல் தொட்டி மணிக்குச் செய்யும் எண்ணெயும் அதே அளவுதான்! ஆனால் அந்த வேதிப்பொருள் அந்த அளவிலேயே கொசுவின் நரம்பைத் தாக்குகிறது. புல் எண்ணெய் இருநூறு மடங்கு இருந்தும் பாதியைத்தான் விரட்டுகிறது. அதை வாங்குங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எடைக்கு எடை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு தொட்டியிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்று புரியும்.

இனி, ஏடிஸ் உள்ளே வந்த வழி. சோதனை தொடங்கிப் பதினொன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மகளின் கட்டில் அருகே வரிக்கொசு ஒன்றைப் பார்த்தேன். மறுநாள் இரண்டு. எங்கிருந்து என்று தேடிக் கடைசியில் தொட்டிக்கு அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டுக்கு வந்து சேர்ந்தேன். தரை நனையக் கூடாது என்று பன்னிரண்டு தொட்டிக்கும் தட்டு வைத்திருந்தேன். எலுமிச்சைப்புல் தண்ணீரை விரும்பும் செடி என்பதால் அதன் தட்டில் எப்போதும் ஒரு விரல் தண்ணீர் நின்றது. தொட்டியைத் தூக்கி டார்ச் அடித்தேன். கலங்கல் தண்ணீரில் மயிரிழைபோல வெளிறிய புழுக்கள் நீர்மட்டத்தில் வாலை ஒட்டித் தலைகீழாகத் தொங்கின. என் கை நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எட்டு எட்டாக நெளிந்து அடிக்குப் போயின. தூக்கிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி எண்ணினேன்: இருபத்து மூன்று புழு, காற்புள்ளிபோலச் சுருண்ட கூட்டுப்புழு நான்கு. கூட்டுப்புழு இன்னும் இரண்டு நாளில் பறந்திருக்கும். கொசுவை விரட்டுவதற்காகக் குழந்தை தூங்கும் வீட்டுக்குள்ளேயே டெங்குக் கொசுவை நானே வளர்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

தட்டுத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான ஓரத்தில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே ஒவ்வொரு தட்டின் உள்சுவரையும் தேங்காய் நாரும் சோப்பும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். பிறகு தட்டில் விளிம்பு வரை ஆற்று மணலை நிரப்பி அதன்மேல் தொட்டியை வைத்தேன். மணல் வழிந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும்; முட்டையிடத் தேங்கிய நீர்ப்பரப்பு இருக்காது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒருமுறை பார்த்தால் தப்ப வழியில்லை. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் வைத்திருப்பவர்களும் அந்தப் பாட்டிலை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் அறைக்குள் நடந்தது. இரண்டு வாரம் உள்ளே இருந்த எலுமிச்சைப்புல் தாள்கள் வெளிறி, நீண்டு, தொய்ந்து விழ ஆரம்பித்தன. கசக்கினால் வாசனையும் மங்கல். அது முழு வெயில் கேட்கும் புல், துளசியும் அப்படித்தான். விரட்டியாக வேலை செய்யும் கொஞ்ச நஞ்ச எண்ணெயும் அறைக்குள் வைத்தால் குறைகிறது. அந்த வாரமே எல்லாத் தொட்டிகளையும் பால்கனிக்கு மாற்றிவிட்டேன்.

அறைக்கு நைலான் வலை வாங்கினேன். சன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டுப்பட்டையை ஒட்டி, அதன்மேல் வலையை அழுத்திப் பொருத்தினேன். மூலைகளில்தான் கவனம் வேண்டும். பட்டையை மூலையில் மடிக்காமல் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏற வைத்தால் இடைவெளி வராது. வலை போட்ட முதல் மாலை பதினைந்து நிமிடத்தில் இரண்டு கொசு வந்தது. விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறையில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது கதவின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அங்கே ரப்பர் பட்டையை ஆணியடித்தேன். ஏசி குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றியும் வெளிச்சம் கசிந்தது. அதைச் சுண்ணாம்பு மக்கால் அடைத்தேன். அடுத்த மூன்று நாளின் எண்ணிக்கை பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். செலவு, ஒரு எலுமிச்சைப்புல் தொட்டிக்கும் துளசிக்கும் கொடுத்த விலையைவிடக் கூடுதல்தான். எழுபத்தைந்து தொட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கட்டிலுக்கு மேலே கொசுவலையும் கட்டியிருக்கிறோம், பகலில் தூங்கும்போதும் மகள் அதற்குள்தான் படுக்கிறாள்.

பால்கனியில் புல் மறுபடி பச்சை பிடித்துவிட்டது. காலையில் இரண்டு தாளைப் பறித்து முடிச்சுப் போட்டுத் தேநீரில் போடுவது மகளின் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் தொட்டிகளைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.